பைசா பிசகாத பேரேடு

பணத் தொகையை டேட்டாபேஸில் வைக்கும் நெடுவரிசைக்கு இரண்டு வகை எண்கள் கிடைக்கின்றன. ஒன்று மிதவைப் புள்ளி எண், மற்றொன்று துல்லியத் தசம எண். முதல் வகையைக் கணினியின் செயலி நேரடியாகக் கையாளுவதால் கணக்கு வேகமாக நடக்கும். மிகப் பெரிய எண்ணும் மிகச் சிறிய எண்ணும் ஒரே அளவு இடத்தில் அடங்கிவிடும். இந்த வசதிக்காகவும், பல மொழிகளில் அதுவே இயல்பான எண் வகையாக இருப்பதாலும், பழைய கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் பணம் மிதவைப் புள்ளியாகவே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தசமத்துக்கு மாற்றும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் யோசிக்காமல் அந்த வரியை ஓட்டினால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிழைகள் எங்கே, எப்படி வந்தன என்பதற்கான தடயமே அழிந்துபோகும்.

மிதவைப் புள்ளியின் இன்றைய பொது விதி 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரநிலையில் வகுக்கப்பட்டது. அதை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு வகித்தவர் வில்லியம் காஹன். அந்த விதிப்படி எண்கள் இரும முறையில் எழுதப்படுகின்றன. தசமப் புள்ளிக்குப் பின் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று வருவதுபோல இரும முறையில் பாதி, கால், அரைக்கால் என்று வரும். 50 பைசா என்பது பாதி ரூபாய், 25 பைசா என்பது கால் ரூபாய். இவை இரும முறையில் பிசகின்றி அமையும். 10 பைசாவைப் பாதி, கால், அரைக்கால்களைக் கூட்டிச் சரியாகப் பெறவே முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒன்றை இருமத்தில் எழுதினாலும் முடிவின்றி நீளும். கணினி அதை 53 இரும இலக்கங்களில் வெட்டி வைக்கிறது. அப்படி வைத்த 0.1-இன் உண்மை மதிப்பு 0.10000000000000000555 என்று தொடங்கும். ஒரு ரூபாய்க்குள் வரும் நூறு பைசா மதிப்புகளில் 00, 25, 50, 75 ஆகிய நான்கு மட்டுமே சரியாகச் சேமிக்கப்படும். மற்ற 96 மதிப்புகளும் இம்மி கூடியோ குறைந்தோதான் இருக்கும்.

இந்த இம்மி கண்ணுக்குத் தெரியும் இடம், கணக்கு பூஜ்யத்துக்கு வர வேண்டிய இடம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கீழே உள்ளதை ஓட்டிப் பார்க்கலாம்.

```sql
SELECT 0.1::float8 + 0.2::float8 - 0.3::float8;
-- 5.551115123125783e-17
```

10 பைசாவும் 20 பைசாவும் வரவு வைத்து 30 பைசாவைப் பற்று எழுதினால் மிச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது. இங்கே புள்ளிக்குப் பின் பதினாறு பூஜ்யங்களைத் தாண்டி ஒரு மிச்சம் நிற்கிறது. வரிசையை மாற்றி, 0.3-இலிருந்து முதலில் 0.1-ஐயும் பிறகு 0.2-ஐயும் கழித்தால் மிச்சம் எதிர்மறையாக வரும். திரையில் அது -0.00 என்று தெரியும். பாக்கி பூஜ்யமானால்தான் கணக்கை முடிக்கலாம் என்று நிரலில் நிபந்தனை இருந்தால், கடனை முழுதாகக் கட்டியவரின் கணக்குகூட முடியாமல் நிற்கும். அலுவலகத்தில் -0.00 என்ற எண்ணைப் பார்த்தால், அந்த மென்பொருளில் பணம் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

ஆனாலும் இந்தச் சேமிப்பு இம்மி மட்டும் ஒரு சாதாரணப் பேரேட்டைக் கெடுத்துவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டினாலும் அது ஒரு பைசாவின் மிகச் சிறு பகுதியாகவே இருக்கும். ஆண்டு இறுதியில் 4 பைசா, 9 ரூபாய் என்று உண்மையாகவே தட்டுப்படும் வித்தியாசத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. கணக்கிட்டு வந்த தொகையைப் பைசாவுக்கு முழுமையாக்காமல், அதாவது ரவுண்ட் ஆஃப் செய்யாமல், அப்படியே சேமித்துவிட்டதுதான் அந்தக் காரணம். மிதவைப் புள்ளி நெடுவரிசை இதை அனுமதித்துவிடுகிறது. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். திரையும் ரசீதும் இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும். உள்ளே இருக்கும் எண்ணும் வெளியே கொடுத்த காகிதமும் அன்றே பிரிந்துவிடுகின்றன. சேமிப்பு இம்மியைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யலாம். முழுமையாக்காத தொகையை அப்படிச் செய்யக் கூடாது. பழைய பதிவுகளைப் பழுதுபார்க்கும் வேலை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒருவர் 50,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். அசலைக் கடைசியில் கட்டுவதாகவும் மாதந்தோறும் வட்டி மட்டும் செலுத்துவதாகவும் ஒப்பந்தம். ஆண்டு வட்டி 5,000 ரூபாய். மாத வட்டி 416 ரூபாய் 66 பைசாவும் ஒரு பைசாவில் மூன்றில் இரண்டு பங்கும். மென்பொருள் இதை 416.6666666666667 என்று பேரேட்டில் வட்டிப் பாக்கியாக எழுதுகிறது. கேட்பு ரசீதில் 416.67 என்று அச்சாகிறது. காசாளர் 416.67 வாங்கி, 416.67 என்றே வரவு தட்டச்சு செய்கிறார்.

முதல் மாத முடிவில் பாக்கி -0.0033. திரையில் -0.00. இரண்டாம் மாதம் -0.0067 ஆகி, திரையில் -0.01 என்று வருகிறது. உறுப்பினர் கேட்ட தொகையைத்தான் கட்டினார், ஆனால் ஒரு பைசா அதிகம் கட்டியதாகக் கணக்கு சொல்கிறது. பன்னிரண்டாம் மாத முடிவில் அந்த அதிகப்படி 4 பைசா. ரசீதுகளைக் கூட்டினால் 5,000.04. வட்டிக் கணக்கில் 5,000.00. ஐந்து ஆண்டுக் கடன் என்றால் 20 பைசா. இதே அளவு கடன் 240 பேருக்கு இருந்தால் ஆண்டுக்கு 9 ரூபாய் 60 பைசா எந்தத் தலைப்பிலும் ஒட்டாமல் நிற்கும். தொகை சிறிதுதான். ஆனால் ரொக்கப் புத்தகமும் பேரேடும் ஒத்துப்போகாதபோது, அந்த 9 ரூபாய் 60 பைசாவுக்குள் வேறு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று சொல்ல யாராலும் முடியாது. 500 ரூபாய் குறைவும் 490 ரூபாய் 40 பைசா அதிகமும் சேர்ந்தாலும் மொத்தம் இதே தொகைதான் வரும்.

மாற்றும் வேலையின் முதல் படி, எந்த வரியையும் தொடாமல் பேரேட்டைச் சோதிப்பது. அதற்கு எளிய, ஆனால் மிகக் கூர்மையான ஒரு சோதனை உண்டு.

```sql
SELECT id, member_no, amount
FROM entries
WHERE amount <> round(amount::numeric, 2)::float8;
```

தொகையை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கி, மீண்டும் மிதவைப் புள்ளியாக மாற்றி, பழையதோடு ஒப்பிடுகிறது இந்தக் கேள்வி. காசாளர் 416.67 என்று தட்டச்சு செய்த வரி இதில் வராது. 416.67-க்கு மிக அருகில் உள்ள இரும எண் எதுவோ அதுதான் அன்றும் சேமிக்கப்பட்டது, இப்போது திரும்பி வருவதும் அதுவே. ஆகவே இந்தச் சோதனையில் சிக்காத வரிகள் எல்லாம் மனிதர் தட்டச்சு செய்த அல்லது ஒழுங்காக முழுமையாக்கப்பட்ட தொகைகள். அவற்றை அப்படியே தசமமாக்கலாம், ஒரு பைசாவும் நகராது. சிக்கிய வரிகளே பார்க்க வேண்டியவை.

சிக்கியவற்றை வித்தியாசத்தின் அளவைக் கொண்டு மேலும் பிரிக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு ரூபாய்க்கும் குறைவான வித்தியாசம் என்றால், பல தொகைகளைக் கூட்டிக் கழித்ததால் வந்த இம்மி என்று கொள்ளலாம். பெரும்பாலும் பாக்கியைச் சேமிக்கும் நெடுவரிசைகளில் இது வரும். அதைவிடப் பெரிய வித்தியாசம், நம் எடுத்துக்காட்டில் 0.0033, முழுமையாக்காமல் விட்ட கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் பொதுவாகப் பெரிய இடைவெளி இருக்கும், ஆகவே பிரிப்பது சிரமமில்லை. சிக்கிய வரிகளை எந்தத் தேதியில், எந்த வகைப் பதிவாக வந்தவை என்று தொகுத்துப் பார்த்தால் குற்றவாளி தானே வெளியே வருவான். வட்டிப் பதிவுகள் மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து சிக்குகின்றன என்றால், அந்த மாதம் வட்டிக் கணக்கு நிரல் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனைக்குத் தப்பும் ஒன்றும் இருக்கிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது போன்ற, எண்ணே அல்லாத விடையை மிதவைப் புள்ளி நெடுவரிசை `NaN` என்று சேமித்து வைக்கும். போஸ்ட்கிரெஸில் `NaN` தனக்குத்தானே சமம் என்று கொள்ளப்படுவதால் மேலே உள்ள கேள்வி அதைப் பிடிக்காது. ஒரே ஒரு வரியில் அது இருந்தாலும் அந்த நெடுவரிசையின் கூட்டுத்தொகை முழுவதும் `NaN` ஆகிவிடும். அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும்.

அடுத்து, சிக்கிய வரிகளுக்கு எந்தத் தொகை சரி என்று முடிவு செய்வது. இங்கே கணிதத்தைவிட ஆவணத்துக்கே மதிப்பு அதிகம். உறுப்பினரிடம் 416.67 என்று கேட்டு ரசீது கொடுத்தாயிற்று. பேரேடும் 416.67 என்றே சொல்ல வேண்டும். வட்டிப் பாக்கியின் பன்னிரண்டு வரிகளையும் தனித்தனியாக முழுமையாக்கினால் மொத்தம் 5,000.04 ஆகும். வரவும் 5,000.04. பாக்கி சரியாகப் பூஜ்யம். மாறாக, மொத்தத்தை முதலில் கூட்டிப் பிறகு முழுமையாக்கினால் 5,000.00 வரும், 4 பைசா வித்தியாசம் அப்படியே நிலைத்துவிடும். வரிவரியாக முழுமையாக்குவதே சரியான வழி, ஏனென்றால் பணம் கைமாறியது வரிவரியாகத்தான்.

ஆனால் காகிதத்தில் அச்சான எண் எப்போதும் நாம் இன்று முழுமையாக்கிப் பெறும் எண்ணாக இருக்காது. 70 பைசா பொருளுக்கு 5 சதவீத வரி சேர்த்தால் 73.5 பைசா. அரைப் பைசாவை மேலே ஏற்றும் வழக்கப்படி 0.74 ஆக வேண்டும். மிதவைப் புள்ளியில் 0.70-ஐ 1.05-ஆல் பெருக்கினால் கிடைப்பது 0.735-க்கு ஒரு இம்மி குறைவு. ஆகவே பைத்தான் மொழியில் `round` அதை 0.73 ஆக்குகிறது. பழைய பில்லில் 0.73 என்று அச்சாகியிருக்கும். அதே சேமித்த எண்ணைப் போஸ்ட்கிரெஸ் தசமமாக்கும்போது முதல் 15 இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அப்போது இம்மி மறைந்து சரியாக 0.735 ஆகிறது, முழுமையாக்கினால் 0.74. புதிய நெடுவரிசை கணக்குப்படி சரியானது, ஆனால் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லோடு ஒரு பைசா ஒத்துப்போகாது. அரைப் பைசாவில் நிற்கும் இத்தகைய வரிகளுக்கு, அன்று அச்சிட்ட நிரல் எந்த முறையில் முழுமையாக்கியதோ அதே முறையில் கணக்கிட்டு, அச்சான பில்கள் சிலவற்றோடு ஒப்பிட்டு, அந்த மதிப்பையே எழுத வேண்டும்.

இப்படி முடிவு செய்த தொகைகளை வரி எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் ஆகியவற்றோடு ஒரு திருத்த அட்டவணையில் முதலில் எழுதிக்கொள்வது நல்லது. அதைக் கணக்கர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பேரேட்டில் கைவைக்க வேண்டும். நிரலாளர் தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல இது.

மாற்றத்தைச் செயல்படுத்துவதற்கு நெடுவரிசையின் வகையை நேராக மாற்றும் கட்டளை போஸ்ட்கிரெஸில் உண்டு. அது ஓடும்போது அட்டவணை முழுவதும் புதிதாக எழுதப்படும். அதுவரை யாரும் அந்த அட்டவணையைப் படிக்கவோ எழுதவோ முடியாது. சிறிய சங்கத்தில் இரவு நேரத்தில் இதைச் செய்துவிடலாம். ஆனால் பழைய மதிப்பு மறைந்துவிடும் என்பதால் சிறிய அட்டவணைக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது. பழையதன் பக்கத்திலேயே புதிய நெடுவரிசையைச் சேர்ப்பதே மேல்.

```sql
ALTER TABLE entries ADD COLUMN amount_new numeric(14,2);

UPDATE entries
SET amount_new = round(amount::numeric, 2)
WHERE id BETWEEN 1 AND 10000;
```

`numeric(14,2)` என்றால் மொத்தம் 14 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2. லட்சம் கோடி ரூபாய்க்கு ஒரு பைசா குறைவு வரை இதில் அடங்கும். பத்தாயிரம் பத்தாயிரம் வரிகளாக நிரப்பினால் அலுவலக நேரத்திலும் வேலை தடைபடாது. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே புதிய வரவுகள் வந்துகொண்டிருக்கும். அவை இரண்டு நெடுவரிசையிலும் எழுதப்படுமாறு ஒரு டிரிகரை முன்னதாகவே வைக்க வேண்டும். திருத்த அட்டவணையில் உள்ள வரிகளுக்கு மட்டும் அதில் ஒப்புதல் பெற்ற மதிப்பு செல்லும். கடைசியில் புதிய நெடுவரிசையில் காலி இடம் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரே பரிவர்த்தனைக்குள் பழைய நெடுவரிசைக்கு `amount_old` என்றும் புதியதற்கு `amount` என்றும் பெயர் மாற்றி, டிரிகரை நீக்கிவிடலாம். பழைய நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் அதையும் அதே பரிவர்த்தனையில் எடுத்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை முதல் வரவே பதிவாகாது.

வட்டி விகிதம், அந்நியச் செலாவணி மாற்று விகிதம் போன்ற நெடுவரிசைகளை இதே இரண்டு தசமத்துக்குள் அடைக்கக் கூடாது. அவை பணம் அல்ல, பணத்தைப் பெருக்கும் எண்கள். ஆண்டுக்கு 8.375 சதவீதம் என்ற விகிதம் 8.38 ஆகிவிட்டால் கெடுதல் ஒவ்வொரு கணக்கிலும் பெருகும். அவற்றுக்கு நான்கோ ஆறோ தசம இடம் கொடுத்து, பெருக்கி வந்த தொகையை மட்டும் பைசாவுக்கு முழுமையாக்குவதே முறை.

இரட்டைத் துல்லிய நெடுவரிசையைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. பாதி இடமே எடுக்கும் ஒற்றைத் துல்லிய வகையில், போஸ்ட்கிரெஸில் `real` எனப்படுவதில், பணம் இருந்தால் நிலைமை மோசம். அதில் இரும இலக்கங்கள் 24 மட்டுமே. நேராகத் தசமத்துக்கு மாற்றினால் போஸ்ட்கிரெஸ் ஆறு இலக்கங்களையே எடுத்துக்கொள்ளும்.

```sql
SELECT 123456.78::real::numeric;
-- 123457

SELECT round(123456.78::real::float8::numeric, 2);
-- 123456.78
```

முதல் வரியில் ஒரு ரூபாயின் பின்னம் முழுவதும் போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் வராது. முதலில் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றி அதன் பிறகு தசமத்துக்குப் போனால், உள்ளே சேமித்திருந்த 123456.78125 முழுதாக வெளியே வருகிறது, முழுமையாக்கினால் 78 பைசா கிடைத்துவிடுகிறது. இந்த உத்தியும் 1,31,072 ரூபாய் வரைதான் உதவும். அதற்குக் கீழே ஒற்றைத் துல்லிய எண்களுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு பைசாவுக்குக் குறைவு, ஆகவே எந்தப் பைசா என்று அடையாளம் காணலாம். அதைத் தாண்டியதும் இடைவெளி ஒன்றரைப் பைசாவைக் கடந்துவிடுகிறது. 2,50,000.10 என்று தட்டச்சு செய்த தொகை 2,50,000.09375 ஆகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். முழுமையாக்கினால் 2,50,000.09. போன ஒரு பைசாவை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. வவுச்சரை எடுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரட்டைத் துல்லியத்தில் இதே எல்லை சுமார் 70 லட்சம் கோடி ரூபாய் என்பதால் அங்கே யாரும் அதை எட்டுவதில்லை.

பதிவுகள் மாறியபின் பாக்கிகள். உறுப்பினர் அட்டவணையில் நடப்புப் பாக்கி என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் அதைக் கூட்டிக் கழித்தே பல ஆண்டுகள் வந்திருக்கும். நம் உறுப்பினருக்கு அது -0.04. அதையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டால் -0.04 என்றே உறைந்துபோகும். பதிவுகளின் கூட்டுத்தொகையோ பூஜ்யம். பிழை ஏறிய தொடர் கூட்டலை முழுமையாக்கிச் சரிசெய்ய முடியாது, மூலப் பதிவுகளிலிருந்து தொடக்கம் முதல் மீண்டும் கூட்டியே எடுக்க வேண்டும்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு. அது 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளில் தொடங்கியது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 முறை, முந்தைய குறியீட்டிலிருந்தே புதிய குறியீடு கணக்கிடப்பட்டது. மூன்றாம் தசமத்துக்குப் பின் வந்ததை முழுமையாக்காமல் வெட்டிவிட்டார்கள். வெட்டும்போதெல்லாம் மதிப்பு குறைந்த பக்கமே போகும். 1983 நவம்பரில் குறியீடு 524.811 என்று நின்றது, சந்தையோ அப்படியொன்றும் சரிந்திருக்கவில்லை. மூலத்திலிருந்து மீண்டும் கணக்கிட்டபோது 1098.892 என்று வந்தது. 524.811-ஐ எவ்வளவு பக்குவமாக முழுமையாக்கியிருந்தாலும் அந்த எண் கிடைத்திருக்காது.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் கூட்டுத்தொகையை எடுத்து ஒப்பிட வேண்டும். முன்தொகையை மிதவைப் புள்ளியில் கூட்டக் கூடாது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும், அதே கேள்வி இரண்டு முறை ஓடி இரண்டு விடை தரவும் கூடும். ஒவ்வொரு தொகையையும் முழுமையாக்காமல் தசமமாக்கி, அதன் பிறகு கூட்டினால் விடை நிலையாக இருக்கும். வித்தியாசம் எவ்வளவு வரை வரலாம் என்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. முழுமையாக்கும்போது எந்த வரியும் அரைப் பைசாவுக்கு மேல் நகர முடியாது. பன்னிரண்டு வரிகளுக்கு அதிகபட்சம் 6 பைசா, நம் உறுப்பினருக்கு நகர்ந்தது 4 பைசா. சங்கம் முழுவதும் 2,880 வட்டி வரிகளுக்கு வரம்பு 14 ரூபாய் 40 பைசா, நகர்ந்தது 9 ரூபாய் 60 பைசா. ஒரு உறுப்பினரின் கணக்கில் பன்னிரண்டு வரிகளுக்கு 7 பைசா நகர்ந்திருந்தால் அது முழுமையாக்கலால் வந்தது அல்ல, வேறு பிழை. இந்த ஒரு சோதனையிலேயே விடுபட்ட வரி, இரட்டிப்பான வரி, தவறான மாற்றம் ஆகியவை அகப்பட்டுவிடும்.

தணிக்கை முடிந்து கையெழுத்தான ஆண்டுகளைப் பொறுத்தவரை இன்னொரு கவனம் தேவை. கடந்த ஆண்டு அறிக்கையில் வட்டி வருமானம் 12,00,000.00 என்றும், உறுப்பினர்களுக்குத் தர வேண்டிய அதிகப்படி 9.60 என்றும் அச்சாகியிருக்கிறது. வரிகளை முழுமையாக்கியபின் அதே ஆண்டின் வட்டி வருமானம் 12,00,009.60 என்று காட்டும். கையெழுத்தான அறிக்கையோடு ஒவ்வாத பேரேடு எந்தத் தணிக்கையாளருக்கும் ஏற்புடையது அல்ல. இதற்கு இரண்டு சரிக்கட்டுப் பதிவுகள் போதும். மூடிய ஆண்டின் கடைசி நாளான மார்ச் 31-க்கு, வட்டி வருமானத்தில் 9.60 பற்று, முழுமையாக்கல் வித்தியாசம் என்ற கணக்கில் 9.60 வரவு. அந்த ஆண்டின் வருமானம் பழையபடி 12,00,000.00 ஆகிவிடும், உறுப்பினர்களுக்குத் தர வேண்டியதாக இருந்த 9.60 வித்தியாசக் கணக்கில் நிற்கும். நடப்பு ஆண்டில், மாற்றம் நடந்த தேதியில், அந்த 9.60-ஐ வித்தியாசக் கணக்கிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதை வட்டி வருமானத்தில் சேர்ப்பதா, ஆண்டுக்கு 5,000 என்றுதான் ஒப்பந்தம் என்பதால் தலைக்கு 4 பைசா உறுப்பினர் கணக்கில் வரவு வைப்பதா என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கட்டும். ஒப்பந்தத்தைப் பார்த்தால் உறுப்பினர் பக்கமே நியாயம் இருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில் பதினொரு மாதம் 416.67-ம் பன்னிரண்டாம் மாதம் 416.63-ம் கேட்டால் மொத்தம் சரியாக 5,000.00 வரும், இந்தப் பிரச்சினையே எழாது.

டேட்டாபேஸ் சரியானபின்னும் நிரலுக்குள் பிழை மீண்டும் நுழையலாம். நோட் ஜே.எஸ். நிரல்களில் போஸ்ட்கிரெஸ் தசம எண் எழுத்துச் சரமாகவே வந்து சேரும். அதை `parseFloat` கொண்டு எண்ணாக்கிக் கூட்டினால் பழைய கதைதான். பைத்தானில் `Decimal("0.1")` என்பது சரியாகப் பத்தில் ஒன்று, `Decimal(0.1)` என்பது மிதவைப் புள்ளியின் இம்மியையும் சேர்த்தே தூக்கி வரும். முழுமையாக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரெஸ் தசம எண்ணில் 0.125-ஐ 0.13 ஆக்கும். பைத்தானின் தசம நூலகம் தனியாகச் சொல்லாவிட்டால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்ந்து 0.12 ஆக்கும். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் ஒன்றுதான் இருக்க வேண்டும். முழுமையாக்கலை ஒரே ஒரு செயற்கூற்றில் வைத்து, வட்டி, வரி, தள்ளுபடி எல்லாம் அதன் வழியாகவே போகுமாறு செய்வது பாதுகாப்பு. தசம வகையே இல்லாத எஸ்.க்யூ.லைட் போன்ற டேட்டாபேஸ்களில் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைக்கலாம். 416.67 அங்கே 41667.

மாற்றம் முடிந்ததும் முதலில் செய்த சோதனையைப் பழைய நெடுவரிசை மீது இன்னொரு முறை ஓட்டி, சிக்கிய வரிகள் அனைத்தும் திருத்த அட்டவணையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். `amount_old` நெடுவரிசையை உடனே நீக்கிவிடக் கூடாது. மாற்றம் நடந்த நிதியாண்டின் தணிக்கை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். அதன் பிறகு நெடுவரிசையை நீக்கலாம். திருத்த அட்டவணையைச் சங்கத்தின் மற்ற கணக்குப் புத்தகங்களுக்கு உரிய காலம்வரை காப்பது அவசியம்.